பதிவுக்கு ஒரு வழி, செய்திமடலுக்கு வேறு வழி

லிங்க்ட்இன்னில் செய்திமடல் எழுதும் நண்பர் ஒருவர் போன வாரம் குழம்பிப்போய் இரண்டு திரைப்பிடிப்புகளை அனுப்பினார். அவருடைய மூன்றாவது இதழை அறிவித்த பதிவு, தளத்தைத் திறந்ததும் பதிவுகள் வரிசையாக ஓடுமே, அந்த ஊட்டத்தில் 250 தடவைதான் தெரிந்திருக்கிறது. ஆனால் கட்டுரைக்கு 310 பார்வைகள். "பார்க்காத பதிவை எப்படிப்பா படித்தார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வெளியிடு பொத்தானை அழுத்தும்போது அங்கே நடப்பது இரண்டு வேலை. கட்டுரையைச் சுமந்துகொண்டு ஒரு பதிவு ஊட்டத்துக்குள் போகிறது. மற்றப் பதிவுகளின் கதிதான் அதற்கும். முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்ப்பார்கள், அவர்கள் நின்று படித்தால் இன்னும் கொஞ்சம் பேருக்குப் போகும், இல்லையென்றால் அப்படியே அடங்கிவிடும். அதே நேரத்தில் சந்தாதாரர்களுக்குத் தனியாக அறிவிப்பும் மின்னஞ்சலும் போகின்றன. யாருக்குக் காட்டுவது என்று ஊட்டம் போடும் கணக்கு இதில் குறுக்கே வருவதில்லை. நண்பரின் வாசகர்களில் பலர் மின்னஞ்சல் வழியாக நேரே கட்டுரைக்கு வந்தவர்கள். அந்தப் பதிவு அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. பதிவு படுத்துவிட்டதே என்று அவர் நான்காவது இதழையே கைவிட இருந்தார் என்பதுதான் வருத்தம்.

இங்கே நிறையப் பேர் தவறவிடும் ஒன்று உண்டு. நீளமாக எழுதினாலே மின்னஞ்சல் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. சாதாரணப் பதிவில் 3000 எழுத்துக்குறிகளுக்கு மேல் இடமில்லை என்பதற்காகக் கட்டுரைப் பக்கத்துக்குப் போய் எழுதினாலும், எழுதும் திரையின் மேலே 'தனிக் கட்டுரை' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது பதிவைப் போல ஊட்டத்தை மட்டுமே நம்பியிருக்கும். செய்திமடலின் பெயரைத் தேர்ந்தெடுத்தால்தான் சந்தாதாரர்களுக்குச் சேதி போகும். ஒரு சின்னத் தேர்வுதான், ஆனால் அதை மறந்துவிட்டு "இந்தத் தடவை யாருமே படிக்கவில்லை" என்று புலம்புவதைப் பார்த்திருக்கிறேன். தனிக் கட்டுரைக்கும் ஒரு நன்மை இருக்கிறது, மறுக்கவில்லை. கூகுள் தேடலில் அது மாதக்கணக்கில் அகப்படும். பதிவுக்கு அந்த ஆயுள் இல்லை.

அப்புறம் சந்தாதாரர் எண்ணிக்கை. செய்திமடல் தொடங்கியதும் உங்கள் தொடர்புகளுக்கும் பின்தொடர்வோருக்கும் 'சந்தா சேருங்கள்' என்று தளமே அழைப்பு அனுப்புகிறது. ஒரே ஒரு தட்டு, சேர்ந்தாயிற்று. நண்பரைப் பின்தொடர்வோர் 4000 பேர். முதல் சில நாளிலேயே 900 பேர் சேர்ந்தார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த 900 பேரில் எத்தனையோ பேர் அவர் எழுத்தை ஒரு வரிகூடப் படிக்காமல், முகம் தெரிந்தவர் என்று தட்டியவர்கள். அவர்களில் சிலர் பிறகு மின்னஞ்சலை மட்டும் நிறுத்திவிடுவார்கள், சந்தா அப்படியே இருக்கும், எண்ணிக்கை குறையாது. அதனால் நான் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் இதழின் பார்வைகளையும் நம்ப மாட்டேன், அது புதுவீட்டுக்கு வந்த கூட்டம். நான்காவது, ஐந்தாவது இதழில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பேன்.

மின்னஞ்சலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற சதவீதம் கிடைத்தாலும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மின்னஞ்சலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் பொதுவாக அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலியில் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. அனுப்பியவருக்கு அது திறந்ததாகவே தெரியும்.

எழுதும் முறையிலும் வித்தியாசம் வருகிறது. பதிவில் முதல் இரண்டு வரிதான் ஆளை நிறுத்த வேண்டும், மீதி 'மேலும் காண்க'வுக்குப் பின்னால் போய்விடும். செய்திமடலில் அந்தச் சுமை தலைப்பின் மேல் விழுகிறது, அறிவிப்பில் முதலில் தெரிவது அதுதான். பிழை இருந்தால் பதிவைத் திருத்திவிடலாம். கட்டுரைப் பக்கத்தையும் திருத்தலாம். போன மின்னஞ்சல் போனதுதான்.

இவ்வளவு இருந்தும் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. சந்தாதாரர்களின் பெயர்களை லிங்க்ட்இன் காட்டும்; அவர்களின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலைத் தராது. சப்ஸ்டாக் போன்ற செய்திமடல் தளத்தில் அந்தப் பட்டியலை இறக்கிக்கொண்டு வெளியேறலாம். தளங்கள் இப்படிப்பட்ட சேவையை நடுவில் நிறுத்திவிடுவதும் உண்டு. ட்விட்டர் 2021 தொடக்கத்தில் ரெவ்யூ என்ற செய்திமடல் சேவையை வாங்கி, 2023 ஜனவரியில் மூடிவிட்டது. ஃபேஸ்புக் 2021இல் ஆரம்பித்த புல்லட்டின் என்ற செய்திமடல் சேவையும் ஏறக்குறைய அதே சமயத்தில் போய்ச் சேர்ந்தது.

நண்பரிடம் நான்காவது இதழை எழுதச் சொன்னேன். அதன் கடைசியில், மின்னஞ்சல் முகவரியை நேரடியாகத் தர விரும்புகிறவர்களுக்காக ஒரு படிவத்தின் இணைப்பையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.