4-ஆல் வகுப்பது எல்லா டிரிப் செட்டுக்கும் பொருந்தாது

நோயாளிக்கு டிரிப் ஏற்றும்போது நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும் என்பதற்கு ஒருவர் சொன்ன வழி இது: “மணிக்கு எத்தனை மில்லியோ அதை 4-ஆல் வகுத்தால் சொட்டு வந்துவிடும், எந்த செட்டாக இருந்தாலும்.”

பாதி சரி. ஒரு மில்லிக்கு 15 சொட்டு விழும் செட்டுக்கு மட்டுமே அந்தக் கணக்கு. செட்டின் உறையில் 20 என்றிருந்தால் 3-ஆல் வகுக்க வேண்டும்.

500 மில்லி, 4 மணி நேரம், 20 செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 × 20 ÷ 240 = 41.7, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. 4-ஆல் வகுத்தால் 31தான் வரும். பாட்டில் முடிய ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேலாகும்.

இன்னொருவர், குழந்தைகள் வார்டில் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு என்கிறார். அது ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட். அங்கே வகுக்கவே வேண்டாம்.

எண்ணிச் சரிசெய்த பிறகும் நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறும். அதனால் ஒரு மணி நேரம் கழித்துப் பாட்டிலைப் பாருங்கள், சுமார் 125 மில்லி இறங்கியிருக்க வேண்டும்.