கிராபீன் பேட்டரி: எடைபோட்டாலே பாதி தெரியும்
"காரைக்குடி கடையில கிராபீன் பேட்டரி ஸ்கூட்டர், லித்தியத்தைவிட மேல்னு சொல்றாங்க, நம்பலாமா?" என்று கேட்டவருக்கு: முதலில் எடையைக் கேளுங்கள். 60 வோல்ட், 32 ஆம்பியர்-மணி செட் என்றால் 1920 வாட்-மணி. அது 12 வோல்ட் பெட்டிகள் ஐந்தாக, ஒவ்வொன்றும் சுமார் 10 கிலோ இருந்தால், கிலோவுக்கு 38 வாட்-மணிதான். அது ஈய-அமில பேட்டரி, சந்தேகமே வேண்டாம். இதே அளவு லித்தியம் பேக் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டாது. கிராபீன் அதில் பொய் என்றும் சொல்ல முடியாது. நெகடிவ் தகட்டின் ஈயப் பசையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கலந்த கார்பன் அது. பாதி சார்ஜிலேயே வண்டி ஓடும்போது தகட்டில் ஈய சல்பேட் கெட்டியாகப் படியும். அதற்கு நடுவே மின்சாரம் போக இந்தக் கார்பன் வழிவிடுவதால் சார்ஜ் சீக்கிரம் ஏறும், ஆயுளும் கூடலாம். ஆனால் மின்சாரத்தைச் சேமிப்பது ஈயம்தான், அதனால் ஒரு சார்ஜில் ஓடும் கிலோமீட்டர் பெரிதாக அதிகரிக்காது. கார்பன் அதிகமானால் ஹைட்ரஜன் கூடுதலாக வெளியேறி தண்ணீர் வற்றும். சீல் வைத்த பெட்டியில் அதை நிரப்பவும் வழியில்லை. விளம்பரத்தாளை விட்டுவிட்டு சோதனை அறிக்கையைக் கேளுங்கள். 32 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரத்தில் காலி செய்து அளந்ததா, 2 மணி நேரத்திலா? 20 என்றால், வண்டி அதைவிட வேகமாகக் காலி செய்வதால் சாலையில் அவ்வளவு கிடைக்காது. எத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கினார்கள் என்பதோடு, ஒவ்வொரு முறையும் எத்தனை சதவீதம் இறக்கினார்கள் என்பதும் வேண்டும். முக்கியமாக, கிராபீன் கலக்காத அதே பெட்டியையும் பக்கத்தில் வைத்துச் சோதித்திருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கை கிராபீனைப் பற்றி எதுவும் சொல்லாது.