செவித்திறன் குறைபாட்டை விண்ணப்பத்திலேயே சொல்லலாமா?

இரண்டு காதுகளிலும் கருவி அணிந்திருக்கும் எனக்கு நேருக்கு நேர் பேசுவதில் பெரிய சிரமம் இல்லை. தொலைபேசியில்தான் ‘ஃபிஃப்டீன்’ என்றார்களா ‘ஃபிஃப்டி’ என்றார்களா என்று பிடிபடாது. கணக்குப் பிரிவு வேலையில் இருப்பவருக்கு அது சிறிய வித்தியாசம் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்காளர் பணிக்கு, குறைபாட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விண்ணப்பித்தேன். நேர்காணலில் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆனால் முதல் சுற்றே முன்னறிவிப்பில்லாத தொலைபேசி அழைப்பாக வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி மூன்று முறை ‘மறுபடி சொல்லுங்கள்’ என்றேன். எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்டபோது, எப்போது சேர முடியும் என்று பதில் சொன்னேன். ‘தகவல் சொல்கிறோம்’ என்றவர்கள் பிறகு அழைக்கவே இல்லை.

வசதி முதன்முதலில் எந்தக் கட்டத்தில் தேவைப்படுகிறதோ, அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது அன்று எனக்குப் புரிந்தது. அரசுத் தேர்வென்றால் விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கான கட்டம் இருக்கும். இடஒதுக்கீடோ தேர்வை எழுதித்தரும் உதவியாளரோ வேண்டுபவர் அங்கேயே குறிப்பிட வேண்டும், விட்டால் பின்னர் சேர்ப்பது கடினம். தனியார் வேலையில் பெரும்பாலும் அப்படி ஒரு கட்டம் இருக்காது என்பதால், முடிவு நம் கையில் இருக்கிறது. சக்கர நாற்காலியில் செல்பவருக்கு, வசதி முதலில் தேவைப்படும் தருணம் நேர்காணல் அழைப்பாக இருக்கலாம். எனக்கு அது விண்ணப்பத்துக்கு அடுத்த நாளே வந்துவிடுகிறது.

எப்படிச் சொல்வது என்பதில் என் கருத்து உறுதியானது: நோயின் வரலாறு வேண்டாம், குறைபாட்டின் சதவீதமும் வேண்டாம். விளம்பரத்தில் இருக்கும் நிபந்தனையை எடுத்துக்கொண்டு, அதை நான் எவ்வாறு நிறைவேற்றுவேன் என்று எழுதினால் போதும். அடுத்த விண்ணப்பத்துடன் நான் அனுப்பியது இவ்வளவுதான்:

“டேலியிலும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலிலும் ஆறு ஆண்டு அனுபவம் உண்டு. எனக்குச் செவித்திறன் குறைபாடு இருப்பதால், முதல் சுற்றை எழுத்து வரிகள் தோன்றும் காணொலி அழைப்பிலோ நேரிலோ வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சப்ளையர்களுடனான தொடர்பை இப்போதும் மின்னஞ்சலில்தான் செய்துவருகிறேன்.”

அனுப்புவதற்கு முன், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சமவாய்ப்புக் கொள்கை இருக்கிறதா என்று தேடினேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதன் விதிகளும், தனியார் நிறுவனங்களும் அத்தகைய கொள்கையை வெளியிட வேண்டும் என்கின்றன. செய்துதரும் வசதிகளும் அதில் இடம்பெற வேண்டும். அதைப் படித்துவிட்டால், யாரிடம் எதைக் கேட்பது என்பதில் தயக்கம் குறைகிறது.

சொல்வதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குறைபாடு என்ற சொல்லைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை நிரூபிக்கவும் நம்மால் இயலாது. நாள் முழுவதும் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதே பணி என்றால், நான் விண்ணப்பிப்பதில்லை. கணக்காளர் விளம்பரத்தில் வரும் ‘தொலைபேசித் தொடர்பு’ என்ற வரியை அவ்வாறு கருத வேண்டியதில்லை.

இம்முறை காணொலியிலேயே அழைத்தார்கள். ‘சப்ளையர் அவசரமாக அழைத்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டார்கள். தொகையையும் பில் எண்ணையும் எழுத்தில் அனுப்பச் சொல்வேன், எழுத்தில் வராத தொகைக்கு எப்படியும் பணம் விடுவிக்க முடியாது என்றேன். அதன் பிறகு டேலியைப் பற்றித்தான் பேசினோம்.