டிசம்பர் கணக்கை வைத்து வேலையை விடாதீர்கள்

போன வாரம் சித்தி மகள் போன் பண்ணினாள். "அக்கா, டிசம்பர்ல மட்டும் 58 கேக் போட்டேன். பொங்கல் முடிஞ்சதும் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்ற?" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். உடனே பதில் சொல்ல மனசு வரவில்லை. இதே கேள்வியோடு மூன்று வருஷம் நானும் அலைந்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்கள் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

திருச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டே, 2021-இல் வீட்டில் கேக் விற்க ஆரம்பித்தேன். முதல் வேலையாக உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்தேன். வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள் விற்பவர்களுக்கு அப்போது வருஷம் 100 ரூபாய்தான் கட்டணம், ஆன்லைனிலேயே முடிந்துவிட்டது. அந்த 14 இலக்க எண்ணைப் பெட்டியில் ஒட்டாமல் எந்தக் கடைக்காரரும் சரக்கை வாங்கி வைக்க மாட்டார் என்பது பின்னால்தான் புரிந்தது.

முதல் தப்பு விலையில். ஒரு கிலோ சாக்லேட் கேக்கை 650 ரூபாய்க்குக் கொடுத்தேன். முட்டை, மைதா, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சேர்ந்து 60 ரூபாய்க்குள் அடங்கிவிடும். பணத்தைத் தின்பது கோகோ பவுடர், காம்பவுண்டு சாக்லேட், விப்பிங் கிரீம் மூன்றும்தான், அவையே 190 வரும். அட்டை, பெட்டி, மெழுகுவர்த்தி, ரிப்பன், கரண்ட் எல்லாம் இன்னொரு 70. ஆக 320 ரூபாய். மிச்சம் 330-ஐ லாபம் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அது லாபம் இல்லை, என் கூலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். சாமான் வாங்கப் போய்வந்தது, மாவு கலந்தது, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது, ஆறிய கேக்கை வெட்டி அடுக்கியது, ஐசிங், கடைசியில் பிசுபிசுத்த பாத்திரங்களைக் கழுவியது. "ரோஸ் கலர் கொஞ்சம் லைட்டா இருந்தா நல்லா இருக்கும், பேரை இங்கிலீஷ்ல எழுதுங்க, இல்ல தமிழ்லயே இருக்கட்டும்" என்று வாட்ஸ்அப்பில் பேசியதே அரை மணி நேரம். மொத்தம் நாலு மணி நேரம். மணிக்கு 82 ரூபாய்தான் நின்றது. ஐசிங் உதவிக்கு ஒரு பெண்ணைக் கேட்டபோது மணிக்கு 90 கேட்டாள். என் இடத்தில் இன்னொருவரை உட்காரவைத்தால் எனக்கு நஷ்டம் வரும் என்றால், அந்த விலை தப்பு.

650-ஐ 900 ஆக்கினேன். பத்துப் பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள், அதில் இரண்டு பேர் சொந்தம். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். முன்பு பத்து கேக்குக்கு 3,300 ரூபாய் நின்றது. இப்போது ஏழு கேக்குக்கு 4,060 நின்றது, மூன்று கேக் வேலையும் குறைந்தது. சொந்தக்காரர்களுக்கும் அலுவலகத் தோழிகளுக்கும் தள்ளுபடியில் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை உங்கள் கேக்குக்கு உண்மையான விலை என்ன என்று உங்களுக்கே தெரியாது. உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் முழு விலை கொடுத்து வாங்கி, ஆறு மாதத்தில் திரும்பவும் கூப்பிட்டால் அதுதான் வியாபாரம். என் நோட்டில் அப்படிப்பட்ட பெயர்களுக்குப் பச்சை மையில் புள்ளி வைத்தேன். முதல் வருஷம் முழுக்கப் புரட்டினால் ஒன்பது புள்ளிதான் இருந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டால் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் இரண்டு மடங்கு கேக் போடலாம் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறோம். நானும் போட்டேன். ஆனால் 2023 ஏப்ரல் முதல் ஒரு வருஷம் ஒவ்வொரு ஆர்டருக்கும் நேராகக் கிழமையைக் குறித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. மொத்தம் 214 ஆர்டர், அதில் 150 சனி, ஞாயிறு அல்லது முகூர்த்த நாளில் விழுந்திருந்தது. குழந்தையின் பிறந்தநாள் புதன்கிழமை வந்தாலும் விருந்தை ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறார்கள். வேலையை விட்டால் எனக்குக் கிடைப்பது திங்கள் முதல் வெள்ளி வரைதான். வாரத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒன்று யாரும் கொடுக்கப்போவதில்லை.

சனிக்கிழமை ராத்திரி எத்தனை கேக் போடலாம் என்பதும் என் நேரத்தால் நிற்கவில்லை, ஃப்ரிட்ஜால் நின்றது. இட்லி மாவுச் சட்டி, பால், காய்கறி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் என் 250 லிட்டர் ஃப்ரிட்ஜில் நாலு கேக் பெட்டிக்குத்தான் இடம். ஐந்தாவது ஆர்டருக்குச் சரி என்று சொன்ன ஒரு சித்திரை மாத ராத்திரி இன்னும் நினைவிருக்கிறது. முடித்த கேக்கை மின்விசிறிக்குக் கீழே மேசையில் வைத்தேன். கிரீமை அடித்தபோது கூர்மையாக நின்றதே, அது ஒரு மணி நேரத்தில் பளபளவென்று வியர்க்க ஆரம்பித்தது. ஓரத்தில் வைத்த ரோஜா மெதுவாகச் சாய்ந்தது. கிரீம் அப்படிப் பளபளத்தால் அடியில் தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், மேலே எதைப் பூசியும் நிமிர்த்த முடியாது. வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும், அடிக்கும் கிண்ணத்தையும் ஐஸில் வைத்துக்கொள்ள வேண்டும். விடிகாலை மூன்றரைக்கு முடித்தேன். அந்த மாதம்தான் அலுவலகச் சம்பளத்தில் சேர்த்த காசில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கிக் கேக்குக்கென்று தனியாக வைத்தேன். வேலையை விடாமலேயே சனிக்கிழமைக்கு நாலு கேக் ஒன்பது ஆனது. பலருக்கு வேலையை விடுவதைவிட இரண்டாவது ஃப்ரிட்ஜ்தான் முதலில் வேண்டும், இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அப்படியென்றால் முழுநேரமாக எப்போது இறங்கலாம்? திங்கள் முதல் வெள்ளி வரை விற்க உங்களிடம் ஒரு பொருள் இருக்கும்போது. பிறந்தநாள் கேக்கால் அது முடியாது. நான் கிரீம் இல்லாத வாழைப்பழக் கேக்கைக் கையில் எடுத்தேன். 250 கிராம் துண்டு, வெளியில் வைத்தாலும் மூன்று நாள் தாங்கும். செய்ய 62 ரூபாய் ஆகிறது. கடையில் 130 ரூபாய்க்கு விற்கும், அதில் கால் பங்கு கடைக்காரருக்கு. எனக்குத் துண்டுக்கு 35 ரூபாய் நிற்கும். ஒரு ஈட்டுக்கு ஆறு துண்டு, இரண்டு மணி நேர வேலை. மணிக்கு 105 ரூபாய் வந்தது, வாட்ஸ்அப்பில் கலர் பேசும் வேலையும் இல்லை.

முதல் மாதம் ஆசைப்பட்டு வாரம் 60 துண்டு கொடுத்தேன். எட்டு துண்டு திரும்பி வந்தது. திரும்பி வரும் ஒவ்வொன்றிலும் 35 ரூபாய் லாபமும் போகிறது, 62 ரூபாய் முதலும் போகிறது. வாரம் 2,100 நிற்க வேண்டியது 1,324 ஆகிவிட்டது. 45 ஆகக் குறைத்தேன், திரும்பி வருவது இரண்டாகக் குறைந்தது, கையில் 1,381 நின்றது. குறைவாகச் செய்து கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்தேன். கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர்கள் விற்றதை விட்டுவிட்டுத் திரும்பி வந்ததைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

இந்த வாரநாள் வருமானத்தை வேலையில் இருக்கும்போதே பழகிப் பார்த்துவிட்டேன். விடிகாலை நாலரைக்கு எழுந்து ஒரு ஈடு, ராத்திரி ஒரு ஈடு. உடம்பு கஷ்டப்பட்டதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் அப்படி ஓட்டியதால்தான் வேலையை விடும் நாளில் எனக்கு ஊகம் எதுவும் தேவைப்படவில்லை.

டிசம்பர் விஷயத்துக்கு வருவோம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று கேட்காமலே ஆர்டர் வரும் மாதம் அது. பிப்ரவரி 14-ஐ ஒட்டி ஒரு வாரம், வைகாசிக் கல்யாணங்கள், அவ்வளவுதான் பெரிய அலைகள். ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டு வீடுகளில் கையைக் கட்டிக்கொள்வார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பல வீடுகளில் முட்டையே வராது. தயிர் வைத்து முட்டையில்லாக் கேக் செய்யத் தெரியாதவர்களுக்கு அந்த மாதம் அப்படியே படுத்துவிடும். என் நோட்டில் டிசம்பரில் 48 கேக், ஆடியில் 11. அந்தப் பதினொன்றை வைத்து வீட்டில் என் பங்குச் செலவைச் செய்ய முடியுமா என்றுதான் கேட்டுக்கொள்ள வேண்டும். என் பங்கு 15,000 ரூபாய், பிள்ளை படிப்பும் கடன் தவணையும். ஆடி, புரட்டாசி, ஜூன் மூன்றின் சராசரி அந்த 15,000-த்தைத் தொடும் வரை ராஜினாமாக் கடிதம் எழுதவில்லை. வாழைப்பழக் கேக்கும் இரண்டு அலுவலகங்களின் வெள்ளிக்கிழமை பிரௌனி ஆர்டரும் சேர்ந்த பிறகுதான் அது தொட்டது. 2024 ஜூனில், எட்டு மாத வீட்டுச் செலவைத் தனியாக வங்கியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வேண்டுமென்றேதான் ஜூனில் வந்தேன். மோசமான மாதத்தில் இறங்கினால் முதல் வாரமே நிலவரம் தெரிந்துவிடும். ஜனவரியில் இறங்கினால் டிசம்பர் காசு கையில் இருக்கும், ஆறு மாதம் ஒன்றும் உறைக்காது.

இன்னொன்று. வீட்டுக்கடனோ வண்டிக்கடனோ எடுக்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நாம் எவ்வளவு சம்பாதித்தாலும் வங்கியில் வருமான வரிக் கணக்கைத்தான் கேட்பார்கள். அலுவலகம் போட்டிருந்த மருத்துவக் காப்பீடும் கடைசி நாளோடு போய்விடும். புதுசு எடுத்தால் பழைய வியாதிகளுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதனால் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இந்தக் காத்திருப்புக் கால விஷயத்தை யாரும் சொல்லாமல் நானாகத் தெரிந்துகொண்டது கடைசி மாதத்தில்தான்.

சித்தி மகளிடம், அந்த 58 கேக்கில் அவளை யாரென்றே தெரியாமல் முழு விலை கொடுத்து, திரும்பவும் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்கா" என்றாள். ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் வந்தது: பன்னிரண்டு பேர். நான் முதல் வருஷம் முழுக்க எடுத்ததைவிட அது மூன்று அதிகம், அதையும் அவளிடம் சொன்னேன். ஆடி முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.