தண்ணீர் வார்க்கிறார்கள், யாருக்குப் போய்ச் சேருகிறது?

சிங்களப் பௌத்த வீட்டில் சாவு விழுந்தால் தெரு நெடுக வெள்ளைக் கொடி கட்டுவார்கள். சந்தியில் ஒரு பதாகை தொங்கும். இறந்தவரின் படம், அதற்குக் கீழே ‘நிவன் சுவ’ என்று இரண்டு சொல். அவருக்கு நிர்வாண சுகம் கிடைக்கட்டும் என்று அர்த்தம். ஆறாம் நாள் இரவு பண (தர்ம உபதேசம்), மறுநாள் பிக்குமாருக்குத் தானம், அதன் முடிவில் தண்ணீர் வார்த்து, செய்த புண்ணியத்தை இறந்தவருக்குக் கொடுப்பார்கள். பிறகு மூன்று மாதத் தானம், வருடத் தானம். கொழும்புப் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் பலர் அயல்வீட்டுக்காரராகப் போய் இதையெல்லாம் பார்த்திருப்போம். நம்முடைய அந்திரட்டி, திவசம் மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

ஆனால் பாளி நூல்களைக் கொஞ்சம் புரட்டினால் இந்தச் சடங்கின் நடுவே ஒரு சிக்கல் இருப்பது தெரியும். நிர்வாணம் அடைந்தவருக்கு யாருடைய புண்ணியமும் தேவையில்லை. சொர்க்கத்துக்குப் போனவருக்கும் இங்கே போடும் சோறு போய்ச் சேராது. அது புத்தரே சொன்னதாக உள்ள பதில். அங்குத்தர நிகாயத்தில் பத்தின் தொகுதியில் வருகிறது. ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் நேரடியாகவே கேட்கிறார்: “நாங்கள் சிராத்தம் செய்கிறோம், தானம் கொடுக்கிறோம். இது செத்துப்போன உறவினருக்குக் கிடைக்கிறதா?” கிடைக்கும் இடமும் உண்டு, கிடைக்காத இடமும் உண்டு என்கிறார் புத்தர். நரகத்தில் பிறந்தவன் நரகத்துக்குரிய உணவில் வாழ்கிறான். விலங்கு, மனிதன், தேவன் எல்லோரும் அப்படியே, அவரவர் பிறப்புக்குரிய உணவு அவரவருக்கு. இங்கிருந்து கொடுப்பதை உண்டு வாழ்வது பேதர் மட்டும்தான். வடமொழியில் பிரேதர் என்பார்களே, பசியோடு அலையும் அந்த ஆவிகள்.

பிராமணரும் விடவில்லை. “சரி, என் உறவினர் அந்த இடத்தில் பிறக்கவில்லை என்றால்?” அங்கே இருக்கும் வேறு உறவினர்கள் அனுபவிப்பார்கள். “அவர்களும் யாரும் இல்லை என்றால்?” இவ்வளவு நீண்ட பிறவித் தொடரில் அந்த இடம் உன் உறவினர் ஒருவர்கூட இல்லாமல் காலியாக இருக்க வழியே இல்லை. அத்துடன், கொடுத்தவனுக்குப் பலன் இல்லாமல் போவதில்லை.

இந்த உரையாடலை வைத்துப் பார்த்தால், சந்தியில் ‘நிவன் சுவ’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குள் பேதருக்குரிய சடங்கைச் செய்கிறார்கள். அப்பா பேதராகப் பிறந்திருக்கலாம் என்று எந்தப் பிள்ளையாவது வாய்விட்டுச் சொல்லுமா? மரியாதை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே வாரத்துக்குள் முடித்துக்கொள்கிறார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நம் வீடுகளிலும் ‘சிவபதம் அடைந்தார்’ என்று கண்ணீர் அஞ்சலி அடித்துவிட்டுத்தான் பிண்டம் வைக்கிறோம்.

சடங்கைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பிக்குமார் சாப்பிட்டு முடித்தபின் குடும்பத்தார் எதிரே பாயில் உட்காருவார்கள். நடுவில் ஒரு தட்டு, தட்டில் ஒரு கிண்ணம், பக்கத்தில் மூக்கு வைத்த கெண்டி. மூத்தவர் கெண்டியைப் பிடிப்பார், மற்றவர்கள் அவர் கையையோ தோளையோ தொட்டுக்கொள்வார்கள். பிக்கு சொல்லிக்கொடுக்க எல்லோரும் சேர்ந்து மூன்று தரம் சொல்வது இது:

“இதம் மே ஞாதீனம் ஹோது, சுகிதா ஹொந்து ஞாதயோ.”

இது என் உறவினருக்கு ஆகட்டும், உறவினர்கள் சுகமாக இருக்கட்டும். அவ்வளவுதான். பிறகு பிக்குமார் ஓத ஓதத் தண்ணீர் கிண்ணத்தில் விழும், நிறையும், விளிம்பு தாண்டித் தட்டில் வழியும். ஓதும் வரிகளும் அதையே சொல்கின்றன: மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடுவதுபோல, ஆறுகள் நிறைந்து கடலை நிரப்புவதுபோல, இங்கிருந்து கொடுத்தது பேதருக்குப் போய்ச் சேருகிறது. முடிந்ததும் அந்தத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றுவார்கள். தாய்லாந்திலும் இதே வரிகள்தான். அங்கே மூத்த பிக்கு தனியே ‘யதா வாரிவஹா’ ஓதும்போது வார்க்கத் தொடங்கி, மற்ற பிக்குமார் ‘சப்பீதியோ’ என்று சேர்ந்துகொள்ளும்போது வார்த்து முடித்துவிட வேண்டும் என்று நேரக் கணக்குக்கூட உண்டு.

இந்த வரிகள் திரோகுட்ட சூத்திரத்தில் உள்ளவை. குத்தகபாடத்திலும் பேதவத்துவிலும் இருக்கிறது. என்னைக் கேட்டால் பாளியில் உள்ள உருக்கமான பாடல்களில் ஒன்று. செத்தவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்து சுவருக்கு வெளியே நிற்கிறார்கள், தெருச்சந்தியில் நிற்கிறார்கள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே விருந்து நடக்கிறது, யாருக்கும் அவர்கள் நினைவு இல்லை. அவர்கள் இருக்கும் இடத்தில் உழவு இல்லை, மாடு வளர்ப்பு இல்லை, வாணிபம் இல்லை. இங்கிருந்து கொடுப்பதை வைத்துத்தான் வாழ வேண்டும். பாடல் இன்னொன்றும் சொல்கிறது: அழுகையும் புலம்பலும் அவர்களுக்கு எந்த உதவியும் செய்யாது.

உரைக்கதை இதை பிம்பிசார மன்னனோடு சேர்க்கிறது. முற்பிறவியில் சங்கத்துக்கென்று வைத்த உணவை எடுத்துத் தின்ற அவன் உறவினர்கள் பேதராகக் கிடக்கிறார்கள். அரசன் புத்தருக்குத் தானம் கொடுக்கிறான், ஆனால் யாருக்கென்றும் சொல்லவில்லை. அன்றிரவு அரண்மனையில் பயங்கரக் கூக்குரல். காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் “என் உறவினருக்கு ஆகட்டும்” என்று சொல்லித் தண்ணீர் வார்க்கிறான். உடனே அவர்களுக்குத் தாமரைக் குளங்கள் உண்டாகின்றன. சோறு கொடுத்துச் சொல்கிறான், உணவு கிடைக்கிறது. அப்போதும் உடுக்கத் துணியில்லை. துணி கொடுத்துச் சொன்ன பிறகுதான் துணி. இங்கே எதைக் கொடுத்தாயோ அங்கே அதுவே, சொல்லாவிட்டால் எதுவுமில்லை.

இப்போது கேள்வி வரும். தன் வினை தன்னைச் சுடும் என்பதல்லவா பௌத்தத்தின் அடிப்படை? ஒருவன் கொடுக்க இன்னொருவன் பலன் பெறுவது என்றால் கர்ம விதி என்ன ஆயிற்று? பழைய ஆசிரியர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. பேதவத்துவுக்கு உரை எழுதியவர் தம்மபாலர். தமிழகக் கடற்கரையில் இருந்ததாகச் சொல்லப்படும் பதரதித்த விகாரையில் வாழ்ந்த ஆசாரியர் இவர், ஆகவே நமக்கும் கொஞ்சம் சொந்தம். அந்த உரை மூன்று அங்கங்கள் வேண்டும் என்கிறது. கொடுப்பவர் இன்னாருக்கு என்று நினைத்துக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் தானத்துக்குத் தகுதியானவராக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: பேதர் அதைக் கண்டு தாமே மகிழ்ந்து அனுமோதனை செய்ய வேண்டும்.

அந்த மகிழ்ச்சி ஒரு மனச் செயல். மனச் செயல் என்றால் அதுவும் கர்மம்தான். ஆக, பேதர் பெறுவது தன் கர்மத்தின் பலனையே. தானம் கொடுத்தவர் அதற்கு ஒரு வாய்ப்பை உண்டாக்குகிறார். பிற்கால நூல்கள் புண்ணியச் செயல்களைப் பத்தாகப் பட்டியல் போடும்போது கொடுப்பதையும் அதில் மகிழ்வதையும் தனித்தனிப் புண்ணியங்களாக எண்ணுவது இதனால்தான். கொடுத்தால் நம்முடையது குறையுமா என்பதற்கும் அட்டசாலினி உரையில் பதில் இருக்கிறது: ஒரு விளக்கிலிருந்து ஆயிரம் விளக்கு ஏற்றினாலும் முதல் விளக்கு தேய்ந்துபோனது என்று யாரும் சொல்வதில்லை.

மிலிந்த பஞ்ஹ என்ற பாளி நூலில் மிலிந்த மன்னன் பிக்கு நாகசேனரிடம் இன்னும் குறும்பாகக் கேட்கிறான்: புண்ணியத்தைக் கொடுக்கலாம் என்றால் பாவத்தையும் கொடுக்கலாமே, கொலைகாரன் தன் பாவத்தை இன்னொருவன் தலையில் கட்டலாமே? முடியாது என்கிறார் நாகசேனர். அந்தச் செயலில் பங்கில்லாத, சம்மதிக்காத ஒருவனுக்குப் பாவத்தைப் பங்கு போட முடியாது. வங்கிக் கணக்கு மாற்றுவதுபோல இதைப் புரிந்துகொள்கிறவர்கள் இந்த இடத்தை ஒரு தரம் படிக்க வேண்டும்.

என் கருத்து இது. அனுமோதனை விளக்கம் அழகானது, தர்க்கத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் பாடலில் அது இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது என்று அடித்தும் சொல்ல முடியாது. பேதர்கள் “நமக்கு இதைக் கிடைக்கச் செய்த உறவினர் நீடு வாழ்க” என்று மகிழ்ந்து வாழ்த்தும் ஒரு வரி உண்டு. மற்றபடி பாடல் பசித்தவனுக்குச் சோறு போவதைத்தான் பேசுகிறது. ஆற்றுத் தண்ணீர் கடலின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லையே. சடங்கு முதலில், விளக்கம் பிறகு வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. இன்றைய ‘பகுத்தறிவு’ப் பௌத்தர்கள் சிலர் விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, “இது வெறும் நல்லெண்ணப் பயிற்சி, பேதர் கதையெல்லாம் கிராமத்து நம்பிக்கை” என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ள சூத்திரங்கள் இடம் கொடுக்கவில்லை. ஜாணுஸ்ஸோணிக்கு புத்தர் சொன்னதில் எந்த மழுப்பலும் இல்லை.

உறவினருக்குப் பிறகு தேவர்களின் முறை. “ஆகாசட்டா ச பும்மட்டா” என்று தொடங்கும் வரிகள்: வானிலும் நிலத்திலும் உள்ள ஆற்றல் மிக்க தேவரும் நாகரும் இந்தப் புண்ணியத்தில் மகிழ்ந்து புத்த சாசனத்தை நெடுங்காலம் காக்கட்டும். தேவருக்குச் சோறு வேண்டாம், அவர்களிடம் கேட்பது மகிழ்ச்சியும் காவலும். மகாபரிநிப்பான சூத்திரத்தில் பாடலி கிராமத்தில் புத்தர் சொன்ன செய்யுளிலும், ஒழுக்கமுள்ளவர்களுக்கு உணவிட்டு அதை அந்த இடத்துத் தேவதைகளுக்குச் சமர்ப்பிக்க வேண்டும், அவை பதிலுக்கு நம்மைக் காக்கும் என்று வருகிறது. கடைசியில்தான் தனக்கு: “இமினா புஞ்ஞகம்மேன மா மே பாலசமாகமோ” என்று ஆரம்பிக்கும். இந்தப் புண்ணியத்தால் மூடர் சேர்க்கை எனக்கு வேண்டாம், நிர்வாணம் அடையும்வரை நல்லோர் சேர்க்கையே கிடைக்கட்டும். பணம், பதவி, நோயற்ற வாழ்வு எதையும் கேட்காமல் கூட்டாளிகளைக் கேட்கும் பிரார்த்தனை இது. எனக்கு மிகவும் பிடித்த வரி.

நடைமுறையில் எது கெட்டுப்போகிறது என்றால், அவசரம். தானம் முடிந்ததும் சமையல்காரர் பாத்திரம் உருட்டத் தொடங்கிவிடுவார், பிள்ளைகள் கைபேசியில், பெரியவர்கள் பிக்குவுக்குப் பின்னால் வாயை மட்டும் அசைப்பார்கள். உரைகளின்படி, இன்னாருக்கு என்று நினைக்காமல் சொன்னால் பிம்பிசாரனின் முதல் நாள் தானம்தான். பாளி தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் சொல்லி, என்ன கொடுத்தோம் என்று சொல்லி, “இது உங்களுக்கு ஆகட்டும், மகிழுங்கள்” என்று சொந்த மொழியில் சொன்னாலும் போதும் என்று பிக்குமாரே சொல்வார்கள்.

உயிரோடு இருப்பவர்களுக்கும் கொடுக்கலாம். ஆனால் அவர்களுக்குத் தெரிய வேண்டும், தெரியாமல் எப்படி மகிழ்வது? அதனால்தான் யாத்திரை போய்வந்த சிங்களக் கிழவி, நீங்கள் என்ன மதமாக இருந்தாலும், வழியில் பார்த்தால் நிறுத்தி, “அனுராதபுரத்தில் போதி கும்பிட்டேன் மகன், பின் அனுமோதன் வென்ன” என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தப் புண்ணியத்தில் நீங்களும் மகிழுங்கள் என்று அர்த்தம். பதிலுக்கு “சாது” என்று சொன்னால் போதும்.