கப்பாசிட்டர் எங்கே உட்கார்கிறது என்பதும் கணக்குதான்

“100 நானோஃபாரட் போட்டால் போதும், போர்டில் எந்த மூலையில் இருந்தாலும் ஒன்றுதான்.”

இல்லைங்க, ஐசி திடீரென்று இழுக்கும் கரண்டைப் பக்கத்திலிருந்தே கொடுக்கத்தான் இந்தக் கப்பாசிட்டர்; இரண்டடுக்கு போர்டில் அதன் இடம் ரொம்ப முக்கியம். மெல்லிய டிராக்கில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் வரும். கப்பாசிட்டர் 20 மி.மீ. தள்ளியிருந்து, ஐசி இழுக்கும் கரண்ட் 2 நானோசெகண்டில் 50 மில்லியாம்பியர் ஏறினால், டிராக்கிலேயே அரை வோல்ட் விழும். என் போர்டு ஒன்று, எல்லா அவுட்புட்டும் சேர்ந்து மாறும்போதெல்லாம் ரீசெட் ஆனது. அதே கப்பாசிட்டரைக் கழற்றி ஐசியின் சப்ளை, கிரவுண்ட் கால்களுக்குக் குறுக்கே நேராகப் பற்றவைத்தேன், ரீசெட் ஆவது நின்றுவிட்டது.

மேலே ஒருவர் கிரவுண்ட் பிளேன் இருந்தால் போதும் என்கிறார். இண்டக்டன்ஸ் குறையும், சரி. ஆனால் சப்ளை பக்கத்து டிராக் நீளம் அப்படியேதான் இருக்கும். நான்கடுக்கு போர்டில் பவர், கிரவுண்ட் பிளேன்கள் மிக நெருங்கியிருந்தால், எந்த மூலையில் இருந்தாலும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும். உங்களுடையது எத்தனை அடுக்கு?