எஸ்-ஷேப் எப்போதும் லாபம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு

குடோன் வேலையில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். லிஸ்ட்டைப் பார்த்துச் சரக்கை எடுத்து வரும் பிக்கர்கள் எல்லோரும் எஸ்-ஷேப்பில்தான் நடக்க வேண்டும் என்று ரேக் முனையில் பெரிய வரைபடம் ஒட்டினேன். வயதில் மூத்த பிக்கர் ஒருவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ரேக்குகளுக்கு நடுவே உள்ள சில சந்துகளுக்குள் பாதி வரை போய், சரக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புவார். கேட்டால், "தம்பி, கடைசி வரைக்கும் போனா எனக்கு அங்க என்ன இருக்கு?" என்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அளந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

புதியவர்களுக்காக ஒரு வரி. எஸ்-ஷேப் என்றால், எடுக்க வேண்டிய சரக்கு உள்ள ஒவ்வொரு சந்திலும் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறி, அடுத்த சந்தில் எதிர்த்திசையில் வருவது. சரக்கே இல்லாத சந்தைத் தாண்டிவிடலாம். ரிட்டர்ன் என்றால், எல்லாச் சந்திலும் முன்வாசல் வழியே நுழைந்து, இருப்பதிலேயே ஆழமான சரக்கு வரை போய், அதே வாசலுக்குத் திரும்புவது.

ஆகவே ஒரு சந்துக்கு எஸ்-ஷேப்பில் ஆகும் நடை அந்தச் சந்தின் முழு நீளம். ரிட்டர்னில் ஆகும் நடை, கடைசிச் சரக்கின் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு. கடைசிச் சரக்கு சந்தின் பாதியைத் தாண்டினால் எஸ்-ஷேப், தாண்டாவிட்டால் ரிட்டர்ன். சந்தைத் தனியாகப் பார்த்தால் சண்டை இங்கேயே முடிந்துவிட வேண்டும்.

முடியாததற்குக் காரணம் சராசரி. சரக்கு சந்து முழுக்கச் சமமாகச் சிதறிக் கிடந்தால், ஒரே ஒரு சரக்கின் சராசரி ஆழம் பாதி. அப்போது இரண்டு முறைக்கும் நடை ஒன்றுதான். ஒரே சந்தில் இரண்டு சரக்கு எடுக்க வேண்டுமென்றால், இரண்டில் ஆழமானது சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும், ரிட்டர்ன் நடை சந்து நீளத்தைப் போல 1.33 மடங்கு ஆகிவிடும். மூன்று சரக்கு என்றால் 1.5 மடங்கு. இந்தக் கணக்கைப் பார்த்துதான் "எஸ்-ஷேப்பே மேல்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் "சமமாகச் சிதறி" என்ற நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. வேகமாக ஓடும் சரக்கைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி முன்னால் வைக்கும் எந்த குடோனிலும் அந்த நிபந்தனை பொருந்தாது.

ஒரு லிஸ்ட்டை நடந்தே பார்ப்போம். சந்துகள் ஒவ்வொன்றும் 24 மீட்டர், அடுத்தடுத்த சந்துகளுக்கு நடுவே 4 மீட்டர். பேக்கிங் மேசை முதல் சந்தின் முன்வாசலில். எடுக்க வேண்டியவை: 1-ஆம் சந்தில் 6 மீட்டர் ஆழத்தில் ஒன்று, 3-இல் 5, 20 மீட்டரில் இரண்டு, 4-இல் 9 மீட்டரில் ஒன்று, 6-இல் 4, 8 மீட்டரில் இரண்டு, 7-இல் 22 மீட்டரில் ஒன்று. 7-ஆம் சந்து வரை குறுக்கே போய்வர 48 மீட்டர். அது எந்த முறையிலும் மாறாது.

ரிட்டர்ன்: ஆழங்கள் 6, 20, 9, 8, 22. கூட்டினால் 65, இரண்டு மடங்கு 130, குறுக்கு நடை சேர்த்து 178 மீட்டர்.

எஸ்-ஷேப்: 1, 3, 4, 6 ஆகிய நான்கும் முழு நீளம், 96 மீட்டர். ஐந்தாவதாக நுழையும் 7-ஆம் சந்துக்கு வரும்போது ஆள் முன்பக்கம் நிற்கிறார். 22 மீட்டர் உள்ளே போய்த் திரும்பித்தான் ஆக வேண்டும், 44. மொத்தம் 188.

ரிட்டர்ன் 10 மீட்டர் குறைவு. ஆனால் 4-ஆம் சந்துச் சரக்கு 9-க்குப் பதில் 19 மீட்டரில் இருந்தால் ரிட்டர்ன் 198 ஆகிவிடும், எஸ்-ஷேப் அதே 188. ஒரே ஒரு சரக்கு இருக்கும் இடம் முடிவையே புரட்டிவிடுகிறது.

இதைவிட வேடிக்கை, பழைய லிஸ்ட்டில் 1-ஆம் சந்துச் சரக்கை மட்டும் நீக்கிப் பாருங்கள். ரிட்டர்ன் 12 மீட்டர் குறைந்து 166. எஸ்-ஷேப்போ 188-லிருந்து 144-க்கு இறங்கிவிடும். வாசலிலிருந்து ஆறு மீட்டரில் இருந்த ஒரு சரக்குக்காக 44 மீட்டர்! சந்து எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் எஸ்-ஷேப் கடைசிச் சந்தில் ரிட்டர்னாக மாறுகிறது. அந்தக் கடைசிச் சந்தில் சரக்கு ஆழத்தில் இருந்தால் அடி அங்கேதான் விழும். இரண்டு முறையையும் ஒப்பிடும்போது இந்த ஒற்றை, இரட்டை விஷயத்தைக் கவனிக்காமல் பத்து லிஸ்ட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், அது பூவா தலையா போட்ட மாதிரிதான்.

சரி, அந்த மூத்தவர் என்ன செய்திருப்பார்? முழு லிஸ்ட்டோடு 1-ஆம் சந்தில் நுழைந்து 6 மீட்டரில் எடுத்துத் திரும்புவார். 3-இல் முழுக்க நடந்து பின்பக்கம் போவார். பின்வழியாகவே 7-க்குப் போய் அதில் முன்னால் இறங்குவார். பேக்கிங் மேசைக்குத் திரும்பும் வழியில் 6-இலும் 4-இலும் எட்டிப் பார்த்து எடுப்பார். 12, 24, 24, 16, 18, அதோடு குறுக்கு 48. மொத்தம் 142. ஆழமான சந்துகள் இரண்டையும் ஜோடி சேர்த்துக் கடந்து, மற்றதில் எட்டிப் பார்த்துத் திரும்பும் கலப்பு. இப்படிப்பட்ட குடோனுக்கு மிகக் குறைந்த நடையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் முறையை ராட்லிஃப், ரோசென்தல் என்ற இருவர் 1983-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அந்த மனிதருக்கு அதெல்லாம் தெரியாது. கால் வலி தெரியும்.

என் கருத்து இதுதான்: நடை முறையைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவே முடியாது. வேகமாக ஓடும் சரக்கை எல்லாச் சந்திலும் முன் எட்டு மீட்டருக்குள் பரப்பி வைத்தால் ரிட்டர்ன்தான் பொருத்தம், ஒரு சந்துக்கு 16 மீட்டரைத் தாண்டாது. அதையே முதல் இரண்டு மூன்று சந்துகளில் முழுக்க அடுக்கினால் ஒவ்வொரு லிஸ்ட்டும் அந்தச் சந்துகளில் ஆழம் வரை போகும், அப்போது எஸ்-ஷேப். சரக்கை ஒரு விதமாக அடுக்கிவிட்டு நடையை வேறு விதமாகக் கட்டாயப்படுத்தியதுதான் நான் செய்த தப்பு. முன்னால் பரப்பும் முறைக்கும் ஒரு விலை உண்டு, வாசலில் நெரிசல். டிராலி திரும்ப முடியாத அளவு குறுகிய சந்து என்றால் ரிட்டர்ன் பேச்சே எடுக்க வேண்டாம், சின்னச் சரக்காக இருந்து டிராலியை வாசலில் நிறுத்திவிட்டுக் கையில் எடுத்து வந்தால் தவிர.

உங்கள் குடோனில் எஸ்-ஷேப் நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் நேரங்களை எடுத்துப் பாருங்கள். பல சாஃப்ட்வேர்களில் இடங்களுக்கு நிலையான வரிசை எண் போட்டு வைத்திருப்பார்கள்: ஒற்றைப்படைச் சந்தில் முன்னிருந்து பின்னாக, இரட்டைப்படையில் பின்னிருந்து முன்னாக. எல்லாச் சந்திலும் நுழைந்தால்தான் அது சரிவரும். நம் லிஸ்ட்டில் 2-ஆம் சந்து இல்லை. 1-இல் ஏறிப் பின்பக்கம் வந்தவர் 3-இல் பின்பக்கமாகத்தான் நுழைவார். ஸ்கேனர் திரை அவரிடம் முதலில் 5-ஆம் மீட்டர்ச் சரக்கைக் கேட்கும், அவருக்கு எதிரில் இருப்பதோ 20-ஆம் மீட்டர்ச் சரக்கு. சொன்னதைக் கேட்பவர் அதைத் தாண்டி 15 மீட்டர் நடந்து 5-இல் எடுத்து, மறுபடி 20-க்குத் திரும்புவார். விவரமானவர் 20-ஐ முதலில் ஸ்கேன் செய்ய முயல்வார், மெஷின் தப்பு என்று கத்தும். எங்கள் பதிவில் இந்த "தப்பு இடம்" பிழைகள் அதிகம் இருந்தது அந்த மூத்தவர் பெயரில்தான். அதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததும் நான்தான்.